கட்டத் திரட்டியும் அது விடும் பிசகும்: என்ன பெயர் வைக்கலாம்?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மின்னணுவியல் மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். அதில் இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மாறாத வேகத்தில் ஓடும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதிலிருந்து நமக்கு வேண்டிய அதிர்வெண்ணை எடுக்க வேண்டும். ஒரு பதிவகத்தை வைத்து, ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் அதில் ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பதிவகம் நிரம்பி வழியும் ஒவ்வொரு முறையும் ஒரு அலை முடிந்ததாகக் கணக்கு. கூட்டும் எண்ணை மாற்றினால் அதிர்வெண் மாறும். சுற்று இவ்வளவுதான்:

```verilog
reg [31:0] acc = 0;
always @(posedge clk)
    acc <= acc + 32'd4123169;
assign out = acc[31];
```

கடிகாரம் 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் இது 48 கிலோஹெர்ட்ஸ் தரும். ஃபேஸ் அக்யூமுலேட்டர் என்று எல்லோரும் சொல்வதை நான் "கட்டக் குவிப்பான்" என்று எழுதி வைத்திருக்கிறேன். வெளிவரும் அலையின் விளிம்புகள் முன்பின்னாக விழுவதை ஜிட்டர் என்கிறார்கள். அதற்கு "நடுக்கம்" என்று போட்டேன். இரண்டும் பொருந்துமா?

சேகர் எழுதியது:

"குவிப்பான்" வேண்டாம் அம்மா. குவிப்பது என்றால் ஒளியைக் குவிக்கும் வில்லைதான் மாணவனுக்கு நினைவு வரும். "திரட்டி" என்று சொல்லுங்கள். சிறுகச் சிறுகச் சேர்ப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. "சேமக்கலம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், அது பேட்டரிக்குப் போய்விட்ட சொல்.

"நடுக்கம்" சரியாகவே இருக்கிறது. அதற்கு மேல் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பதிவகம் சிறியதாக இருந்தால்தான் இந்தத் தொல்லை. 32 பிட்டுக்குப் பதில் 48 பிட் வையுங்கள், நடுக்கம் கண்ணில் படாத அளவுக்குப் போய்விடும்.

பாத்திமா எழுதியது:

"திரட்டி"யை நானும் ஏற்கிறேன். ஆனால் பிட் விஷயத்தில் சேகர் ஐயா சொன்னதில் பாதிதான் சரி. பிட்டைக் கூட்டினால் அதிர்வெண்ணை இன்னும் நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்கலாம். 50 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமும் 32 பிட்டும் இருந்தால் கூட்டும் எண்ணில் ஒன்று மாறும்போது அதிர்வெண் 0.012 ஹெர்ட்ஸ் அளவுதான் நகரும். 48 பிட்டில் அது இன்னும் 65,536 மடங்கு சிறிதாகும். ஆனால் விளிம்பு விழும் இடம் மாறாது. வெளியீடு கடிகாரத் துடிப்பின்போது மட்டும்தான் மாற முடியும். அந்தத் துடிப்புகள் 20 நானோவினாடிக்கு ஒன்றுதான் வரும். எத்தனை பிட் வைத்தாலும் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே ஒரு விளிம்பை வைக்க இந்தச் சுற்றால் முடியாது.

4 பிட் பதிவகத்தைக் கையால் ஓட்டிப் பாருங்கள். கூட்டும் எண் 3 என்று வைப்போம். 0, 3, 6, 9, 12, 15 என்று போய், ஆறாவது துடிப்பில் 18 ஆக வேண்டியது வழிந்து 2 ஆகிறது. பிறகு 5, 8, 11, 14, அடுத்தது 17 வழிந்து 1. பிறகு 4, 7, 10, 13, அடுத்தது 16 வழிந்து 0. வழிந்த இடங்கள் 6, 11, 16. வழிந்திருக்க வேண்டிய இடங்கள் 5⅓, 10⅔, 16. அதாவது முதல் விளிம்பு மூன்றில் இரண்டு துடிப்பு பிந்தியது, அடுத்தது மூன்றில் ஒரு துடிப்பு பிந்தியது, கடைசி விளிம்பு சரியாக வந்தது.

இப்போது வழிந்தபின் பதிவகத்தில் நின்ற மீதியைப் பாருங்கள்: 2, 1, 0. அதை 3-ஆல் வகுத்தால் அந்த விளிம்பு எத்தனை துடிப்பு பிந்தியது என்பது அப்படியே கிடைக்கிறது. எவ்வளவு பிந்தினோம் என்பது பதிவகத்துக்கே தெரிந்திருக்கிறது! அதனால்தான் "நடுக்கம்" எனக்கு உறுத்துகிறது. நடுக்கம் என்றால் குளிரில் கை நடுங்குவதுபோல, அடுத்து எங்கே போகும் என்று தெரியாத அசைவு. இங்கே ஒவ்வொரு பிசகையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம்.

யோகன் எழுதியது:

நாங்கள் ஃபேசை "அவத்தை" என்றுதான் படித்தோம், அதிர்வெண்ணை "மீடிறன்" என்று. "கட்டம்" என்றால் சதுரக் கட்டமா, ஒரு வேலையின் கட்டமா என்ற குழப்பம் வரும். "அவத்தைத் திரட்டி" என்று வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை.

ஜிட்டருக்கு ஏற்கெனவே "தாமத வேறுபாடு" என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறேன். வலையில் வரும் பொதிகள் சில சீக்கிரமும் சில பிந்தியும் வருவதற்கு அதுதானே பெயர்? அதையே இங்கும் வைத்தால் போதாதா?

பாத்திமா எழுதியது:

யோகன் அண்ணா, நீங்கள் சொல்வது வலைப்பொதிகளின் ஜிட்டர். அங்கே பொதி வழியில் எங்கோ காத்திருந்து பிந்துகிறது. எவ்வளவு காத்திருக்கும் என்று அனுப்பியவருக்குத் தெரியாது. இங்கே வழியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஒரு அலை முழு எண்ணிக்கைத் துடிப்புகளில் முடியாததால் வருவது. ஒரே ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் இருப்பதால் தமிழிலும் ஒன்றே வேண்டும் என்று இல்லை.

கதிர் எழுதியது:

ஜிட்டர் எல்லாமே நடுக்கம் இல்லை என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அதனால் என் கதையைச் சொல்கிறேன்.

மலர்விழி அக்கா கொடுத்த அதே எண்கள்தான். 50 மெகாஹெர்ட்ஸ் பலகை, 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி எடுக்க வேண்டும். திரட்டியின் மேல் பிட் 1-இலிருந்து 0-க்கு விழும்போது அனலாக்-டிஜிட்டல் மாற்றி ஒரு மாதிரி எடுக்கும்படி வைத்தேன். 10 கிலோஹெர்ட்ஸ் சுத்தமான சைன் அலையை உள்ளே விட்டால், நிறமாலையில் 6 கிலோஹெர்ட்ஸிலும் 22 கிலோஹெர்ட்ஸிலும் இரண்டு கூர்முனைகள். மூல அலையைவிட 72 டெசிபெல் அளவுக்குக் கீழே, ஆனால் தெளிவாக நிற்கின்றன. ஜிட்டர் என்றால் நடுக்கம், நடுக்கம் என்றால் இரைச்சல், இரைச்சலாக இருந்தால் அடித்தளம் முழுவதும் உயர வேண்டும், ஆகவே இது ஜிட்டர் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மின்வழங்கியை மாற்றினேன். தரைக் கம்பியை மாற்றினேன். ஒன்றும் நகரவில்லை.

கடைசியில் உள்ளே விட்ட அலையை 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்த்தேன். கூர்முனைகள் 15-க்கும் 17-க்கும் ஓடின, உயரமும் 20 டெசிபெல் குறைந்தது. மின்வழங்கியின் இரைச்சல் உள்ளே வரும் அலையைப் பார்த்து இடம் மாறாது. அப்போதுதான் நேரத்தில் பிசகு என்று புரிந்தது.

ஏன் 16 கிலோஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி வருகிறது என்பதுதான் இன்னும் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

பாத்திமா எழுதியது:

கதிர் தம்பி, உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. 50,000,000-ஐ 48,000-ஆல் வகுத்தால் 1041⅔. ஆகவே திரட்டி 1042, 1042, 1041 என்று துடிப்புகளை எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பிந்தும் அளவு 6.7 நானோவினாடி, 13.3 நானோவினாடி, சுழியம், அப்புறம் மீண்டும் 6.7. மூன்று மாதிரிக்கு ஒருமுறை திரும்பும் இந்தத் தாளத்தின் அதிர்வெண் 48-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 16 கிலோஹெர்ட்ஸ். அது உங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் அலையோடு கலந்து 26-ஐயும் 6-ஐயும் தருகிறது. 48-இல் மாதிரி எடுப்பதால் 26 மடங்கி 22-இல் வந்து உட்காருகிறது. அலை வேகமாக ஏறி இறங்கும்போது அதே நேரப் பிசகு பெரிய மதிப்புப் பிழையாகும். அதனால்தான் 1 கிலோஹெர்ட்ஸில் கூர்முனை பத்தில் ஒன்றாகக் குறைந்தது.

கூட்டும் எண்ணை முழு எண்ணாக்கியதால் அதிர்வெண்ணில் 0.005 ஹெர்ட்ஸுக்கும் குறைந்த ஒரு தவறு இருக்கிறது. அதைப் போக்க, 2-இன் அடுக்கில் வழியாமல் 3125-இல் வழியும் திரட்டியை வைத்து 3-ஐக் கூட்டலாம். அதிர்வெண் அப்போது துல்லியமாக 48,000. ஆனால் கூர்முனைகள் அங்கேயே நிற்கும். அதிர்வெண் சரியாக இருப்பதும் விளிம்பு சரியாக விழுவதும் இரண்டு வேறு விஷயங்கள். கடிகாரத்தை 49.152 மெகாஹெர்ட்ஸாக மாற்றி, கூட்டும் எண்ணையும் அதற்கேற்ப மாற்றுங்கள். அந்தக் கடிகாரம் 48,000-இன் 1024 மடங்கு, வழியும்போது மீதியே இருக்காது.

இந்த மீதியை வைத்தே பெயர் சொல்லலாம் என்று தோன்றுகிறது. "மீதிப் பிந்தல்" எப்படி?

சேகர் எழுதியது:

பிட்டைப் பற்றி நான் சொன்னது தவறு. 4 பிட் கணக்கை எழுதிப் பார்த்தேன், புரிந்தது.

ஆனால் "பிந்தல்" பொருந்தாது என்றே நினைக்கிறேன். எல்லா விளிம்புகளும் ஒரே அளவு பிந்தினால் கதிருக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது, அலை சற்றே தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று வேறுபட்டுப் பிந்துவதுதான் கெடுக்கிறது. சொல் அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும். "மீதிப் பிசகு" என்று வையுங்கள். பிசகு என்றால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்ந்தது என்று பொருள் வரும், முன்னா பின்னா என்று அது சொல்லாது.

பாத்திமா எழுதியது:

சரி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். "மீதிப் பிசகு" நன்றாகவே இருக்கிறது. வெப்ப இரைச்சலால் வருவதற்கு "நடுக்கம்" அப்படியே இருக்கட்டும்.

மலர்விழி எழுதியது:

"திரட்டி"யும் "மீதிப் பிசகு"ம் கையேட்டில் ஏறுகின்றன. கட்டமா அவத்தையா என்பதில் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. இரண்டு வகைப் பாடநூல்களில் படித்தவர்களும் இதை வாசிப்பார்கள். முதல் முறை இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு அதன்பின் "கட்டத் திரட்டி" என்றே தொடரலாமா? யோகன் அண்ணா வருத்தப்பட மாட்டார் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. கூட்டும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தற்செயல் எண்ணையும் வேண்டுமென்றே கலந்துவிட்டால் கூர்முனைகள் உடைந்து இரைச்சலாகப் பரவும் என்று படித்தேன். அப்படிச் செய்தபின் மிஞ்சுவதை மீதிப் பிசகு என்பதா, நடுக்கம் என்பதா?

யோகன் எழுதியது:

வருத்தமில்லை தங்கச்சி. ஆனால் முதல் முறை மட்டும் போதாது, சொல்லடைவிலும் "அவத்தை" தனியே இருக்கட்டும். தேடுகிறவர் அங்கேதான் தேடுவார்.

பாத்திமா எழுதியது:

தற்செயல் எண் கலந்தால் மொத்தப் பிசகு குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யும். தாளம் மட்டும் கலைந்துவிடும். கலந்த எண்கள் தெரிந்த ஒரு வரிசையிலிருந்து வந்தவை என்றால் கணக்குப்படி அது இன்னும் முன்கூட்டியே சொல்லக்கூடியதுதான். நிறமாலையைப் பார்ப்பவருக்கோ அது நடுக்கம் போலவே தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து பெயர் வைப்பது என்று எனக்குத் தெளிவில்லை. கதிர் தம்பி, பழைய பலகை கையில் இருந்தால் ஒருமுறை கலந்து ஓட்டி, 6 கிலோஹெர்ட்ஸில் என்ன மிஞ்சுகிறது என்று படம் அனுப்ப முடியுமா?