ரெக்கார்டிங்கில் ஸ்லைடின் வலது மேல் மூலை மறைகிறது: எவ்வளவு இடம் விடணும்?

தாமரை12
வணக்கம். கணக்கியல் பயிற்சி வகுப்பு ஆன்லைனில் நடத்துறேன். பவர்பாயின்ட், 16:9 ஸ்லைடு, முழுத் திரையையும் பகிர்றேன். வகுப்பு நடக்கும்போது யாரும் குறை சொல்றதில்லை. ஆனா ரெக்கார்டிங்கைத் திறந்தா, என் முகம் தெரியற சின்னக் கட்டம் வலது மேல் மூலையில் உட்கார்ந்திருக்கு. நீளமான தலைப்புகளில் கடைசி வார்த்தை காணோம். ஐந்து பத்தி அட்டவணையில் "நிலுவை"ங்கிற கடைசித் தலைப்பு முழுசா மறைஞ்சுடுது. எவ்வளவு மார்ஜின் விடணும்? 60 ஸ்லைடுக்கு மேல இருக்கு, ஒவ்வொண்ணா திருத்தாம வழி உண்டா?

முகில்
இதுக்கு ஸ்லைடைத் தொடவே வேண்டாமே. அந்த வீடியோ கட்டத்தைப் பிடிச்சு கீழே இழுத்து விடுங்க, இல்லன்னா மறைச்சுடுங்க. நான் அப்படித்தான் பண்றேன்.

தாமரை12
பண்ணிப் பார்த்தாச்சு. என் திரையில் நகருது, ரெக்கார்டிங்கில் அதே மூலையில்தான் இருக்கு.

வரைகோல்
முகில் சொல்றது நேரலைக்கு மட்டும் சரி. மிதக்கிற கட்டம் அவரவர் திரைக்குச் சொந்தம். நீங்க இழுத்தா உங்க திரையில் மட்டும் நகரும், மாணவர் இழுத்தா அவர் திரையில் மட்டும். ரெக்கார்டிங்கில் கட்டத்தை எங்கே வைக்கறதுன்னு செயலியே முடிவு பண்ணுது. உங்க திரையில் நீங்க செய்யறது எதுவும் அங்கே போகாது.

முதல்ல அமைப்பைப் பாருங்க. நீங்க ஜூம் பயன்படுத்தி, உங்க கணினியிலேயே பதிவு பண்றீங்கன்னா, Settings > Recording உள்ளே `Place video next to the shared screen in the recording` இருக்கும். அதை டிக் பண்ணினா முகம் ஸ்லைடுக்குப் பக்கத்தில் போயிடும், மறைக்காது. பதிலுக்கு ஸ்லைடு சுருங்கும். எண்கள் நிறைஞ்ச அட்டவணைக்கு அது நஷ்டம்தான். கிளவுடில் பதிவுன்னா, இணையதள அமைப்பில் பகிர்ந்த திரையை மட்டும் தனிக் கோப்பா எடுக்கலாம், ஆனா அதில் உங்க முகமே இருக்காது.

தாமரை12
முகம் வேணும், எழுத்தும் சுருங்கக் கூடாது. ஸ்லைடைத்தான் மாத்தணும் போல.

பக்கஓரம்
அப்போ வலப்பக்கம் கால்வாசியை எல்லா ஸ்லைடிலும் காலியா விட்டுடுங்க. பிரச்சினை முடிஞ்சது.

வரைகோல்
கால்வாசின்னா 33.87 செ.மீ அகலத்தில் எட்டரை செ.மீ போயிடும். ஐந்து பத்தி அட்டவணை அப்புறம் எங்கே நிக்கும்? மறையறது ஒரு மூலை, முழு ஓரம் இல்ல. அளந்துட்டு வெட்டுங்க.

புது ஸ்லைடில் 16 பத்தி, 9 வரிசை உள்ள அட்டவணை ஒண்ணு போடுங்க. அகலம் 33.87, உயரம் 19.05 செ.மீ கொடுத்து ஸ்லைடு முழுக்க விரிச்சுடுங்க. ஒவ்வொரு கட்டமும் சுமார் 2.12 செ.மீ சதுரமா அமையும். மேல் வரிசையில் 1 முதல் 16 வரை எழுதுங்க, கடைசிப் பத்தியில் மேலிருந்து கீழே 1 முதல் 9 வரை. இதை வழக்கமா வகுப்பெடுக்கிற அதே கணினியில் பகிர்ந்து, கேமரா போட்டு, ரெண்டு நிமிஷம் பேசிப் பதிவு பண்ணுங்க. எந்த எண்கள் காணோம்னு பார்த்தாலே முகக் கட்டத்தின் அளவு வந்துடும். பாதி மறைஞ்ச சதுரத்தையும் மறைஞ்சதாவே எடுத்துக்குங்க.

அதே கணினின்னு சொல்றதுக்குக் காரணம் உண்டு. லேப்டாப் திரை 16:10 ஆக இருந்தா ஸ்லைடுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். 1920×1200 திரையில் பக்கத்துக்கு 60 பிக்சல். கட்டத்தின் ஒரு பகுதி அந்தப் பட்டை மேல விழும், ஸ்லைடில் மறையற அளவு குறையும். வேற திரையில் அளந்தா கணக்கு தப்பிடும்.

தாமரை12
பார்த்துட்டேன். மேல் வரிசையில் 13 வரை தெரியுது. கடைசிப் பத்தியில் 3லிருந்து தெரியுது.

வரைகோல்
அப்போ மூணு சதுரம் அகலம், ரெண்டு சதுரம் உயரம். அதாவது 6.35 × 4.23 செ.மீ. எழுத்து கட்டத்தில் ஒட்டாம இருக்க இடது பக்கமும் கீழேயும் அரைச் சதுரம், 1.06 செ.மீ சேர்த்துக்குங்க.

View > Slide Master போய், இடது பட்டியலில் உச்சியில் இருக்கிற பெரிய மாஸ்டரைத் தேர்ந்தெடுத்து, கைடு கோடுகள் போடுங்க. இழுக்கும்போது தெரியற எண் நடுப்புள்ளியிலிருந்து அளக்கறது, ஓரத்திலிருந்து இல்ல. இதில்தான் பலர் குழம்புவாங்க. செங்குத்துக் கோடு நடுவிலிருந்து வலப்பக்கம் 9.5, கிடைக்கோடு நடுவிலிருந்து மேலே 4.2.

வழக்கமான ஆபீஸ் தீமில் தலைப்புப் பெட்டி இடதில் 2.33 செ.மீ தள்ளி ஆரம்பிச்சு 29.21 செ.மீ அகலம் போகும். அதை 24.1 ஆக்குங்க, கோட்டுக்குள்ளே நின்னுடும். கீழே உள்ள உள்ளடக்கப் பெட்டி 5.07 செ.மீ உயரத்தில்தான் தொடங்குது, உங்க கட்டம் 4.23இலேயே முடிஞ்சுடுது. அதனால அட்டவணை அகலத்தைக் குறைக்கவே வேண்டாம். "நிலுவை" மறையுதுன்னா, இடம் போதாம யாரோ அட்டவணையை மேலே ஏத்தியிருக்காங்க.

அகலத்திரை
என் கேஸ் வேற. 3440×1440 மானிட்டரில் பகிர்றேன். முகம் எதையும் மறைக்கல, ஆனா எழுத்து எறும்பு மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. மார்ஜினைக் குறைச்சா சரியாகுமா?

வரைகோல்
ஆகாது. உங்க திரையில் ஸ்லைடுக்கு ரெண்டு பக்கமும் 440 பிக்சல் கறுப்பு, அதையும் சேர்த்து அனுப்பறீங்க. 1920 பிக்சல் திரையில் பார்க்கறவருக்கு ஸ்லைடு 1430 பிக்சல் அகலம்தான் கிடைக்கும். Set Up Slide Show போய் `Browsed by an individual (window)` தேர்ந்தெடுத்து, சாளரத்தை 16:9க்குக் கிட்டத்தட்ட சுருக்கி, திரைக்குப் பதிலா அந்தச் சாளரத்தை மட்டும் பகிருங்க. கறுப்பு போனதும் மூலைக் கட்டம் ஸ்லைடு மேல வந்து விழும். அப்போ தாமரை பண்ணின அளவை நீங்களும் எடுக்க வேண்டியிருக்கும்.

தாமரை12
மாஸ்டரை மாத்தினேன். நாற்பது ஸ்லைடு சரியாயிடுச்சு. மீதியில் தலைப்பு பழைய இடத்திலேயே இருக்கு. சில தலைப்புகளில் எழுத்து தானாவே சின்னதாயிடுச்சு.

வரைகோல்
நகராதது ரெண்டு வகை. கையால் இழுத்து நகர்த்தின தலைப்புகள் மாஸ்டரைக் கேட்காது. அந்த ஸ்லைடுகளைத் தேர்ந்தெடுத்து Home > Reset கொடுத்தா திரும்பிடும். ஆனா அந்தப் பெட்டிகளில் கையால் மாத்தின நிறம், எழுத்தளவும் போயிடும், அதனால ஒரு நகல் எடுத்துட்டுப் பண்ணுங்க. தலைப்புன்னு தனி டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டிருந்தா ரீசெட்டும் உதவாது, அதைக் கையால்தான் நகர்த்தணும்.

எழுத்து சுருங்கறது `Shrink text on overflow` வேலை. மாஸ்டரில் தலைப்புக்கு `Do not Autofit` போடுங்க. நம்ம வார்த்தைகள் நீளம், ரெண்டு வரி வரும்னு வெச்சுக்கிட்டு எழுத்தளவை நீங்களே முடிவு பண்ணுங்க. மூணாவது வரி போனா தலைப்பை வெட்டுங்க, எழுத்தை வெட்டாதீங்க.

பக்கஓரம்
அந்தக் காலி மூலையில் லோகோ போட்டுடலாமே. பிடிஎஃப் ஆக அனுப்பும்போது மொட்டையா தெரியாது.

வரைகோல்
எனக்கு ஒப்புதல் இல்ல. ரெக்கார்டிங்கில் லோகோவின் அடிப்பாகம் மட்டும் கட்டத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கும்.

பக்கஓரம்
கட்டத்தைவிடச் சின்னதா போட்டா எட்டிப் பார்க்காது. சரி, கால்வாசி விடச் சொன்னதுக்கும் காரணம் இருக்கு: நேரலையில் பலர் முகங்களை வலப்பக்கம் வரிசையா வெச்சுக்கிட்டுப் பார்க்கறாங்க, அதுக்கு மூலை போதாது.

தாமரை12
அப்படிப் பார்க்கறவங்க கட்டத்தை அவங்களே நகர்த்திக்கலாம்தானே? இன்னொண்ணு, கேப்ஷன் போட்டவங்களுக்குக் கீழ் வரியும் மறையுதாம். சோதனை ஸ்லைடில் அதையும் இப்படியே அளக்கலாமா?

வரைகோல்
அளக்கலாம், ஆனா கேப்ஷனையும் அவரவர் இழுத்துக்க முடியறதால நிலையான எண் கிடைக்காது. கீழ்ச் சதுர வரிசையில் பக்க எண் தவிர எதுவும் வைக்காம விடுங்க. கூட்டுத்தொகை வரிசையை அங்கே தள்ளாதீங்க.