பொருள்: அடித்தகட்டின் விளிம்பில் பிறக்கும் விசைக்கு ஒரு தமிழ்ச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். காற்று ஒரு கொட்டகையின் போர்ட்டல் தூணை மேலே தூக்கும்போது அடித்தகடு வளைகிறது. அதன் வெளிவிளிம்பு கிரவுட்டை அழுத்துவதால் ஆங்கர் போல்ட்டில் கூடுதல் இழுவிசை சேர்கிறது. இதை 'நெம்பு விசை' எனலாமா?

தளப் பொறுப்பாளர்:
'பிடுங்கு விசை' என்பதே பொருத்தம் என நினைக்கிறேன். நான் பார்த்த கொட்டகை ஒன்றில் புயலுக்குப் பின் போல்ட்டுகள் காங்கிரீட்டைக் கூம்பு வடிவில் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தன.

வரைவாளர்:
தடித்த தகட்டைப் போட்டால் இந்த விசை பெரும்பாலும் எழாது. எனவே இது அடித்தகட்டுக்குத் தேவைப்படாத சொல்.

கட்டமைப்புப் பொறியாளர்:
தளப் பொறுப்பாளர் கண்டது போல்ட்டு மொத்தமாகப் பெயர்ந்து வருவது. அதற்குப் 'பிடுங்கு விசை' என்பதைத் தனியே வைத்துக்கொள்வோம். வரைவாளர் கூறுவதில் பாதி சரி. ஓர் எடுத்துக்காட்டு: நான்கு 24 மி.மீ. போல்ட்டுகள், நிகர மேல்தூக்கு விசை 120 கி.நியூட்டன், ஆகவே ஒன்றுக்கு 30. தூணின் நடுத்தகட்டிலிருந்து 60 மி.மீ. தள்ளி போல்ட்டு, அதற்கப்பால் விளிம்புக்கு 45 மி.மீ.; போல்ட்டு ஒன்றுக்கு 120 மி.மீ. அகலத் தகடு பங்கேற்பதாகக் கொள்வோம். விளிம்பு அழுத்தத்தையே எண்ணாமல் ஒரு முனையில் மட்டும் பிணைந்த நெடுங்கைபோல் கணக்கிட்டால், 250 மெ.பாஸ்கல் எஃகுக்கு ஏறக்குறைய 18 மி.மீ. தேவை, 20 போடுவோம். விளிம்பு அழுத்தத்தை நம்பினால் 14 மி.மீ. போதும் எனக் கணக்கு காட்டும். ஆனால் அப்போது விளிம்பில் 16 கி.நியூட்டன் பிறந்து, போல்ட்டு 46 தாங்க வேண்டிவரும். எஃகு இணைப்புகளுக்கான ஐரோப்பிய விதிநூல் EN 1993-1-8 இதனால்தான் தகட்டின் தடிமனைத் தீர்மானிக்கையில் இவ்விசையைக் கணக்கில் சேர்க்காதே, போல்ட்டுக்கு மட்டும் சேர் என்கிறது. தகட்டுக்கு உதவி, போல்ட்டுக்குச் சுமை என்ற இருமுகம் இதற்கு இருப்பதால் சொல் கட்டாயம் வேண்டும். மேலும் 4.6 தர போல்ட்டின் எஃகு இங்கே 98 வரை தாங்குவதால் அது எளிதில் தப்பிவிடும். காங்கிரீட் கூம்புக்குத்தான் இந்தக் கூடுதல் இழுவை உறைக்கும்.

வரைவாளர்:
ஏற்கிறேன். ஆயினும் 'நெம்பு விசை' என்றவுடன் பள்ளிப் பாடத்தின் நெம்புகோலில் நாம் கொடுக்கும் விசை நினைவுக்கு வருகிறது. இங்கே நாம் எதையும் நெம்பவில்லை, தகடே நெம்புகிறது. 'விளிம்பழுத்த விசை' எனில் எங்கே பிறக்கிறது என்பது தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்:
அது விளிம்பில் மேல்நோக்கி எழும் எதிர்விசையை மட்டும் சொல்கிறது. போல்ட்டில் சேரும் இழுவையைச் சொல்லவில்லை. கடப்பாரையின் நுனியை ஊன்றி நெம்பும்போது ஊன்றுமிடம் அழுந்துவதையும் ஆணி இழுபடுவதையும் 'நெம்பு' என்ற ஒரே சொல் தாங்குகிறது என்றே எனக்குப் படுகிறது. வரைபடக் குறிப்புகளில் இப்போதைக்கு 'நெம்பு விசை' என எழுதுகிறேன். 'நெம்பெதிர்விசை' என விளிம்புப் பகுதியைத் தனியே குறிப்பதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.