பிடியை ஒட்டிய கூரில்லாத பகுதிக்குத் தமிழில் என்ன சொல்வது?

கலா:
தாத்தா விட்டுப்போன வாளுக்குக் குறிப்பு எழுதுகிறேன். தல்வார் என்ற இந்திய வாள் வகையின் வட்டத் தகடு வைத்த பிடி, வளைந்த அலகு. பிடியை ஒட்டி ஏறக்குறைய 5 செ.மீ. நீளத்துக்கு அலகின் வாயில் கூர் இல்லை. ஆங்கிலத்தில் ரிகாசோ என்கிறார்கள், தமிழில்? அலகில் பல் வைத்த இரண்டு வில்கள் எதிரெதிராகப் பார்க்கும் முத்திரை உண்டு. சித்தப்பா அது இத்தாலி வாள், 400 வருஷம் பழையது என்கிறார்.

பாஸ்கர்:
'மழுங்கடி' போதும். சித்தப்பா சொல்வது சரி. அது இத்தாலியின் ஜெனோவா நகர முத்திரை.

தங்கவேல்:
முத்திரை ஜெனோவாவோடு தொடர்புடையதுதான், ஆனால் அலகு அங்கே செய்ததா என்பது வேறு கேள்வி. நன்றாக விற்ற குறி என்பதால் ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவிலும் காகசஸிலும் இந்தியாவிலும் அதை அடித்தார்கள். முத்திரையை வைத்து மட்டும் ஊரோ காலமோ சொல்ல முடியாது.

பிடியும் கைகொடுக்காது. தல்வாரில் அலகின் வால் பிடிக்குள் அரக்கால்தான் ஒட்டியிருக்கும். பழைய அலகுக்குப் புதுப் பிடி போடுவது சாதாரணம். வீட்டில் சூடுகாட்டிக் கழற்றிப் பார்க்காதீர்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது நீங்கள் கேட்ட அந்த 5 செ.மீ.தான். கூர் அங்கே சட்டென்று ஒரு சின்னப் படிபோல நின்றால், அது இந்தியக் கொல்லர் பாணிக்கு நல்ல அடையாளம். இல்லாவிட்டால் இந்திய வேலை இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பலமுறை சாணை பிடித்த வாளில் மற்ற இடம் தேய, இந்தத் துண்டு மட்டும் அகலமாகத் துருத்தி நிற்கும். எவ்வளவு இரும்பு போயிருக்கிறது என்று அங்கே தெரியும்.

அதனால்தான் 'மழுங்கடி' ஒத்துவராது. முன்பு கூராக இருந்ததுதான் மழுங்கும். இதை ஆரம்பத்திலிருந்தே தீட்டவில்லை. 'தீட்டா அடி' என்று வைக்கலாம்.

ஜோசப்:
என் வாளின் முதுகில் ஒரு எண் இருக்கிறது, வில்கின்சன் என்ற இங்கிலாந்து வாள் நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. தீட்டா அடியை வைத்து வருஷம் சொல்வீர்களா?

தங்கவேல்:
வேண்டியதே இல்லை, அந்த எண்ணே சொல்லும். வில்கின்சன் வரிசை எண்களுக்குப் பதிவேடு உண்டு. ஆனால் கேள்வி வேறு வாளைப் பற்றி.

பாஸ்கர்:
'தீட்டா அடி' என்றால் யாருக்குத் தீட்டு என்று கேட்பார்கள், சார். 'கூரா அடி' வைப்போமே.

தங்கவேல்:
சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கூரா'வில் தீட்டுகிற வேலை வரவில்லையே.

கலா:
இன்று வெளிச்சத்தில் பார்த்தேன். படி இருக்கிறது, நகம் வைத்தால் தடுக்கிறது. அதற்கு மேல் அலகு 2 மி.மீ. குறுகியும் இருக்கிறது.

தங்கவேல்:
அப்படியானால் நன்றாகவே சாணை பிடித்த வாள், இந்திய வேலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காலத்தைச் சொல்ல இது போதாது. முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். துருவை மணல்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், அலகின் எஃகில் நீரோட்டம் போன்ற கோடுகள் இருந்தால் போய்விடும்.

கலா:
அனுப்புகிறேன். குறிப்பில் இப்போதைக்குத் 'தீட்டா அடி' என்றே எழுதியிருக்கிறேன். சித்தப்பாவிடம் இத்தாலி பற்றி இன்னும் சொல்லவில்லை.