‘வோர்ம்’ வரைபுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

கல்லடியிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கழகத்தின் ஸ்கோர் தாளை முழுக்கத் தமிழில் ஒரு விரிதாளாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஓட்டம், விக்கெட், உதிரி ஓட்டம் எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் நிற்கிறேன். ஒவ்வொரு ஓவர் முடிவிலும் மொத்த ஓட்டம் எவ்வளவு என்று புள்ளி வைத்து, இரண்டு அணிகளின் கோட்டையும் ஒரே படத்தில் வரைவார்களே, தொலைக்காட்சியில் ‘வோர்ம்’ என்று காட்டுவது, அதற்கு என்ன தலைப்புப் போடுவது? ‘புழு வரைபடம்’ என்று போட்டுப் பார்த்தேன். பார்த்த பொடியன்கள் எல்லாரும் “யாருக்குப் புழு?” என்று கேட்கிறார்கள். திரையில் ஊர்ந்து போகிற கோட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்திருக்கும். தமிழில் புழு என்றதும் அரிசியும் கத்தரிக்காயும்தான் நினைவுக்கு வருகின்றன.

களுவாஞ்சிகுடியிலிருந்து

தம்பி, இதற்குப் புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். சாதாரணதரக் கணிதத்தில் திரள் மீடிறன் வளையி என்று படித்திருப்பீர்கள். ஒவ்வொரு வகுப்பாயிடையின் மீடிறனையும் முந்தியதோடு கூட்டிக்கூட்டிப் புள்ளி வைப்போம். இங்கே வகுப்பாயிடைக்குப் பதில் ஓவர், மீடிறனுக்குப் பதில் ஓட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே ‘திரள் ஓட்ட வரைபு’. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய சொல் இது. நம் பிள்ளைகளுக்கு ‘திரள்’ என்றதும் கை தானாகக் கூட்டத் தொடங்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நான் போட்டிகளில் ஒலிவாங்கி பிடிக்கிறவன். ‘திரள் ஓட்ட வரைபு’ பரீட்சைத் தாளுக்குச் சரி. ஒரு விக்கெட் விழுந்த இடைவெளியில் சொல்லி முடிக்க முடியாது. “இவர்களின் திரள் ஓட்ட வரைபு அவர்களின் திரள் ஓட்ட வரைபை…” என்று தொடங்கினால் அடுத்த பந்து போட்டுவிடுவார்கள். எனக்கு மூன்று நான்கு எழுத்தில் ஒரு சொல் வேண்டும், அதை வைத்து வினைச்சொல்லோடு பேசவும் வேண்டும். ஆங்கிலத்தில் அது நெளிகிறது என்றுதானே பெயர் வைத்தார்கள்? ‘நெளிகோடு’ என்று வைத்தால் என்ன?

காத்தான்குடியிலிருந்து

நெளிகோடு எனக்கும் பிடித்திருக்கிறது. அந்தக் கோடு காட்டுவது அணியின் வேகத்தைத்தானே. நன்றாக அடிக்கும்போது மேலே போகும், ஓட்டம் வராமல் இறுகும்போது கீழே வரும். அப்படியானால் ‘ஓட்ட வேகக் கோடு’ என்றே சொல்லிவிடலாமே, பொருளும் தெளிவாகிவிடும்.

கல்முனையிலிருந்து

தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஆனால் மற்றப் பாதி இந்தச் சொல்லையே கெடுத்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கீழே வருகிற கோடு வேறு. அது ஓவருக்கு சராசரி எத்தனை ஓட்டம் என்று காட்டுகிற ஓட்ட வேக வரைபு. இந்தக் கோடு ஒருநாளும் இறங்காது. எடுத்த ஓட்டத்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாதல்லவா. ஓட்டமே இல்லாத ஓவரில் கோடு படுத்துக் கிடக்கும், இறங்காது. வேகம் இதில் இருக்கிறது, ஆனால் உயரத்தில் இல்லை, சாய்வில் இருக்கிறது. சேரின் பாடத்தில் படித்திறன் என்பார்கள். எந்த இடத்தில் கோடு செங்குத்தாக நிமிர்கிறதோ அங்கே வேகம் கூட.

1996 உலகக் கிண்ண இறுதிப் போட்டியை எடுத்துப் பார்ப்போம். லாகூரில் அவுஸ்திரேலியா 50 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 241. இரண்டாவது விக்கெட் விழும்போது 137 ஓட்டம், ஐந்தாவது விழும்போது 170. அந்த இரண்டு விக்கெட்டுக்கும் நடுவில் வந்தது 33 ஓட்டம்தான். அந்தக் கோட்டை வரைந்தால் முதல் பாதி நிமிர்ந்து போகும், பிறகு வளைந்து சாய்ந்துவிடும். இலங்கையின் கோடு எதிர்மாறு. 23 ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட் போய்விட்டது. அதன் பிறகு குருசிங்கவும் அரவிந்தவும் 148 வரை கொண்டுபோனார்கள், கடைசியில் அரவிந்தவும் அர்ஜுனவும் 46.2 ஓவரில் 245-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவுஸ்திரேலியக் கோட்டின் மொத்தச் சாய்வு ஓவருக்கு 4.82. இலங்கையினது 5.29.

இந்தப் படத்தில் இரண்டு விதமாக அளக்கலாம். ஒரே ஓவரில் நின்று மேலும் கீழும் பார்த்தால் யார் எத்தனை ஓட்டம் முன்னால் என்று தெரியும். ஒரே உயரத்தில் நின்று பக்கவாட்டில் பார்த்தால் யார் எத்தனை பந்து முந்தி அங்கே வந்தார்கள் என்று தெரியும். இலங்கைக் கோடு 22 பந்து மிச்சமிருக்க நின்றுவிட்டது. அந்த 22 பந்தைப் பக்கவாட்டு இடைவெளியில் கண்ணால் காணலாம்.

அதனால் நெளிகோடு என்று சொல்லாதீர்கள். நெளிவது என்றால் இப்படியும் அப்படியும். நான் ‘ஏறுகோடு’ என்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து

இறங்காது என்று எப்படி அண்ணே சொல்கிறீர்கள்? போன மாதம் எங்கள் மென்பந்துப் போட்டிக்கு நான் கணினியில் வரைந்தேன். 10 ஓவர் ஆட்டம். இரண்டாவதாக ஆடிய அணி 8.5 ஓவரில் வென்றுவிட்டது. படத்தில் அவர்களுடைய கோடு நன்றாக ஏறிப்போய் ஒன்பதாவது ஓவருக்குப் பிறகு செங்குத்தாகப் பூச்சியத்துக்கு விழுந்தது. பிறகு ஒருவர் சூத்திரத்தை மாற்றித் தந்தார். அப்போது கோடு விழவில்லை, ஆனால் பத்தாவது ஓவர் வரை படுத்தபடி நீண்டது. தோற்றுப்போன அணியின் பயிற்றுநர் அதைப் பார்த்து “கடைசி ஓவரில் அவர்கள் ஒரு ஓட்டமும் எடுக்கவில்லையே, பிறகு எப்படி வெற்றி?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

கல்முனையிலிருந்து

அது கிரிக்கெட்டின் பிழையல்ல தம்பி, தாளின் பிழை. ஆடாத ஓவரின் கட்டம் வெறுமையாக இருந்தால் சில வேளை அதைப் பூச்சியம் என்று எடுத்து வரைந்துவிடும். இரண்டாவது தடவை நடந்தது வேறு. வெறும் கட்டத்தையும் கூட்டிக்கொண்டே போனதால் பழைய மொத்தமே திரும்பத் திரும்ப வந்திருக்கும். ஆடாத ஓவருக்கு மதிப்பே இல்லை என்று தாளுக்குச் சொல்ல வேண்டும். ஓவரில் எடுத்த ஓட்டம் B நிரலில் இருந்தால்:

```
=IF(B2="",NA(),SUM(B$2:B2))
```

இதைக் கீழே இழுத்துக்கொண்டு போனால் ஆட்டம் நின்ற இடத்தில் கோடும் நிற்கும். முதல் வரிக்கு மேலே ஓவர் 0, ஓட்டம் 0 என்று ஒரு புள்ளியும் வையுங்கள். இல்லாவிட்டால் முதலாவது ஓவரின் சாய்வு படத்தில் வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 8.5 என்பதைக் கிடையச்சில் அப்படியே போட்டிருப்பீர்கள். அது எட்டரை ஓவர் இல்லை. எட்டு ஓவரும் ஐந்து பந்தும், அதாவது 8.83. புள்ளியின் பின்னால் வருவதை ஆறால் வகுத்துத்தான் வைக்க வேண்டும். 50 ஓவர் படத்தில் இது கண்ணில் படாது. 10 ஓவர் படத்தில் கோட்டின் நுனி மூன்றில் ஒரு ஓவர் இடப்பக்கம் தள்ளிப்போய், வென்ற அணி உண்மையைவிட வேகமாக முடித்ததுபோல் தெரியும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து

ஏறுகோடு செவிக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணிதத்தில் ஒரு குறை. ஓட்டமற்ற ஓவரில் அது ஏறுவதில்லையே. இறங்காத கோடு என்பதுதான் நேர்மையான விவரிப்பு. தவிர, என்ன ஏறுகிறது என்று அந்தச் சொல்லில் இல்லை. வெப்பநிலை ஏறினாலும் ஏறுகோடு, நெல் விலை ஏறினாலும் ஏறுகோடு. நான் ‘திரள்’ என்று பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் கோடு ஏன் இறங்காது என்ற காரணத்தை அந்தச் சொல்லே வைத்திருக்கிறது.

கல்லடியிலிருந்து

சேர், விக்கெட்டைக் கோட்டின் மேல் புள்ளியாக வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அப்போது அது ஓட்டத்தை மட்டும் காட்டும் படம் இல்லைத்தானே. பெயரில் விக்கெட்டும் வர வேண்டுமா?

கல்முனையிலிருந்து

பெயரில் வேண்டாம், படத்தில் கட்டாயம் வேண்டும். 2019 உலகக் கிண்ண இறுதிப் போட்டியைப் பாருங்கள். நியூசிலாந்து 8 விக்கெட்டுக்கு 241, இங்கிலாந்து 241-க்கு எல்லாரும் ஆட்டமிழந்தார்கள். இரண்டும் முழு 50 ஓவர். ஆகவே இரண்டு கோடும் ஒரே புள்ளியில் போய் முட்டும். புள்ளி வைக்காவிட்டால் ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் பத்து என்பதே தெரியாது. அதற்குப் பிறகு நடந்த சூப்பர் ஓவர் இந்தப் படத்துக்குள் வராது.

‘திரள்’ பற்றிச் சேர் சொன்னதற்கும் ஒரு பதில். மழை வந்து இலக்கை மாற்றிவிட்டால் முதல் அணியின் கோட்டோடு ஒப்பிடுவது ஏமாற்றிவிடும். அப்போது டக்வொர்த்–லூயிஸ்–ஸ்டேர்ன் முறைப்படி அந்தந்தக் கட்டத்தில் இருக்க வேண்டிய ஓட்டத்தை மூன்றாவது கோடாகப் போட வேண்டும். அந்தக் கோடு விக்கெட் விழும்போது மேலே துள்ளும். அதைத் திரள் என்று சொல்ல முடியாது, யாரும் எடுத்துத் திரட்டிய ஓட்டம் இல்லையே அது. ஆகவே படத்துக்குத் ‘திரள் ஓட்ட வரைபு’, அதற்குள் ஒவ்வொரு அணிக்கும் உள்ள கோட்டுக்கு ‘ஏறுகோடு’. இப்படிப் பிரித்தால் ஒன்றும் மோதாது.

காத்தான்குடியிலிருந்து

நான் ஓட்ட வேக வரைபோடு குழப்பிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். கோடு எப்போதும் பூச்சியத்தில்தான் தொடங்குமா? எங்கள் பக்கம் ஒரு போட்டியில், பந்து வீசிக்கொண்டிருந்த அணிக்கு நடுவர் ஐந்து ஓட்டம் தண்டமாகக் கொடுத்தார்.

கல்முனையிலிருந்து

நல்ல கேள்வி. முதலில் பந்துவீசுகிற அணிக்கு அப்படிக் கிடைத்தால், அவர்கள் இன்னும் ஆடியிருக்கவில்லை, ஆகவே அது அவர்களின் அடுத்த இன்னிங்ஸில் சேரும். அவர்களுடைய கோடு 0 ஓவரில் 5-இலிருந்து புறப்படும். இரண்டாவது இன்னிங்ஸில் பந்துவீசும்போது கிடைத்தால் முடிந்துபோன தங்கள் இன்னிங்ஸோடு சேரும். அதை எந்த ஓவரில் காட்டுவது என்பதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை. நான் கடைசிப் புள்ளியைத்தான் ஐந்தால் உயர்த்துகிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து

காக்கா, எனக்கு ஏறுகோடு போதும். நேற்று வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். “பதினாலாவது ஓவரில் இவர்களின் ஏறுகோடு அவர்களின் கோட்டை வெட்டுகிறது.” “விக்கெட் விழுந்தது, ஏறுகோடு படுத்துவிட்டது.” வாய்க்கு வருகிறது. ‘வெட்டுகிறது’ என்றதும் யார் யாரைக் கடந்தார்கள் என்று கேட்கிறவருக்குப் புரியும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து

“ஏறுகோடு படுத்துவிட்டது” என்ற வாக்கியத்தைத்தான் நான் பயந்தேன். ஏறுகிறது என்று பெயர் வைத்துவிட்டுப் படுக்கிறது என்று சொல்கிறோம். ஆனால் ஒலிவாங்கியில் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை என்பதும் தெரியும். தலைப்பில் திரள் இருக்கட்டும், மற்றதில் நான் இன்னும் இணங்கவில்லை.

கல்லடியிலிருந்து

சரி, இப்போதைக்குத் தாளின் தலைப்பில் ‘திரள் ஓட்ட வரைபு’ என்று போட்டிருக்கிறேன், கோடுகளுக்குப் பக்கத்தில் அணியின் பெயர் மட்டும். ஏறுகோடு என்பதை அடுத்த சனிக்கிழமைப் போட்டியில் ஒலிவாங்கியில் கேட்டுவிட்டுச் சேர்க்கிறேன். 8.5-ஐ 8.83 ஆக மாற்றுகிற சூத்திரத்தை யாராவது எழுதித் தந்தால் அதையும் போட்டுவிடலாம்.

வாழைச்சேனையிலிருந்து

ஓவர் A2-இல் இருந்தால் இது சரியாக வருகிறது. 8.5 போட்டேன், 8.83 வந்தது. 46.2-க்கு 46.33.

```
=INT(A2)+ROUND((A2-INT(A2))*10,0)/6
```