மார்ச் கடைசி ஸ்டேட்மென்ட்டும் நம்ம லெட்ஜரும் ஒத்துப்போகாத கதை

ஆம்பூர் கணக்கர்: ஷூ அப்பர் தைக்கும் சின்ன யூனிட்டில் கணக்கு எழுதுகிறேன். பசை, லைனிங் எல்லாம் ராணிப்பேட்டையில் ஒருவரிடம் கடனுக்கு வாங்குவோம். மார்ச் 31 வரைக்கும் என்று அவர் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டில் நாங்கள் தரவேண்டியது 1,86,400. எங்கள் லெட்ஜரில் 1,12,900. வித்தியாசம் 73,500. "ஸ்டேட்மென்ட் வந்துடுச்சு, செக் போட்டுடலாமா?" என்று முதலாளி கேட்டார், நான் வேண்டாம் என்றேன். ஸ்டேட்மென்ட் என்பது அவர் புத்தகத்தை அவர் பார்த்து எழுதினது, அவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பில்லோ ரசீதோ இருக்கிறதா என்று ரெண்டு பக்கமும் டிக் போட்டேன், மூணு இடத்தில் இடித்தது.

முதலாவது, 28,500. பசை டிரம் மார்ச் கடைசியில் டிசியோடு, அதாவது சரக்கோடு வருகிற டெலிவரி சலானோடு வந்து இறங்கியிருக்கு, எங்கள் ஸ்டோர்காரர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கார். அதில் டிரம் எண்ணிக்கை இருக்கு, விலை இல்லை, வரியும் இல்லை. பில் என் கைக்கு வரவே இல்லை, அதனால் லெட்ஜரில் ஏறவில்லை. இரண்டாவது, மார்ச் 29 தேதியில் கொடுத்த 40,000 செக். ரசீது அன்றைக்கே கொடுத்தார்கள், ஆனால் அடியில் பொடி எழுத்தில் "செக் பணமானால் மட்டுமே செல்லும்" என்று இருக்கு. பேங்கில் பாஸானது ஏப்ரல் 2, அவர்கள் அன்றைக்குத்தான் வரவு வைத்தார்கள். மூன்றாவது, திருப்பி அனுப்பின லைனிங் 5,000. நாங்கள் கழித்துவிட்டோம், அவர்கள் கிரெடிட் நோட் போடவில்லை.

இப்போ எங்கள் 1,12,900-உடன் 28,500 கூட்டினால் 1,41,400. அவர்கள் 1,86,400-இல் 40,000-உம் 5,000-உம் கழித்தாலும் அதே 1,41,400. இந்த ரெண்டும் ஒரே எண்ணில் வந்து நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குடியாத்தம் தறி: எங்களுக்கு லுங்கி நூல் முழுக்க டிசியில்தான் வருது, பில்லே வந்ததில்லையே. அப்போ அது தப்பா?

வேலூர் அண்ணாச்சி: தம்பி, உங்களுக்கு நூலை அவங்க விக்கலையே, நெய்து தரச் சொல்லி அனுப்புறாங்க. நூலுக்குப் பில் வராது. நெசவுக் கூலிக்கு நீங்கதான் பில் போடணும். ஒன்று மட்டும் பாத்துக்குங்க: ஒரு வருஷத்துக்குள்ள துணியாவோ நூலாவோ திரும்பிப் போகலைன்னா, அனுப்பின தேதியிலேயே வித்ததா கணக்கு வெச்சு அனுப்பினவங்க கிட்ட வரி கேப்பாங்க. அதனால எந்த டிசி நூல் எந்த டிசியில திரும்பிச்சுன்னு எழுதி வைங்க.

சத்துவாச்சாரி: டிசியில் கையெழுத்து போட்டாச்சுன்னா கதை முடிஞ்சது சார், அதை வெச்சே ஜிஎஸ்டி இன்புட் எடுத்துக்கலாம். எங்க கடையில் அப்படித்தான்.

வேலூர் அண்ணாச்சி: பாதி சரி. சரக்கு வந்து சேர்ந்ததுக்கு அந்தக் கையெழுத்து நல்ல சாட்சி, கோர்ட்டு வரைக்கும் நிக்கும். இன்புட்டுக்கு வரி பில் வேணும், சப்ளையர்கள் ரிட்டர்ன்ல காட்டின பில்லெல்லாம் வர்ற உங்க GSTR-2B-யிலும் அது தெரியணும். ஆம்பூர் தம்பி, 14-ம் தேதிக்கு மேல 2B-யைத் திறந்து அந்த 28,500 பில் நம்பர் இருக்கான்னு பாருங்க. இருந்தா பில் போட்டது நிஜம், காகிதம்தான் எங்கேயோ தொலைஞ்சிருக்கு. இல்லைன்னா அவர் இன்னும் பில்லே போடலை, இல்லைன்னா ரிட்டர்ன்ல காட்டலை. ஸ்டேட்மென்ட்ல பதிவு இருக்குன்னு மட்டும் நம்பி இன்புட் எடுக்காதீங்க.

ஆம்பூர் கணக்கர்: பார்த்தேன் அண்ணே, இருக்கு. வேலையை விட்டுப் போன பழைய கணக்கரின் மெயிலுக்கு பில் போயிருக்கு.

வாலாஜா அக்கா: பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டா மூணு மாசம்தான் தர்றாங்களே, ஆறு மாசத்துக்கு எப்படி வாங்குறது?

ஆம்பூர் கணக்கர்: அக்கா, இது சப்ளையர் அனுப்புகிற ஸ்டேட்மென்ட். பேங்க் விஷயத்துக்குத் தனியாகக் கேளுங்க.

வேலூர் அண்ணாச்சி: இன்னொன்று. ஸ்டேட்மென்ட்டோட "பாக்கி சரி" என்று கையெழுத்து கேட்டு ஒரு தாள் வரும். அப்படியே 1,86,400-க்குப் போட்டுக் கொடுத்தா கடனை எழுத்தில் ஒப்புக்கிட்ட மாதிரி, வழக்கு போட மூணு வருஷக் கெடு அன்றையிலிருந்து புதுசா ஓட ஆரம்பிக்கும். "எங்கள் புத்தகப்படி 1,12,900" என்று எழுதி, அந்த மூணு வித்தியாசத்தையும் கீழே குறிச்சுக் கையெழுத்து போடுங்க.

சத்துவாச்சாரி: அது சரி, விற்பனைச் சரக்கையே டிசியில் அனுப்பிட்டு அப்புறம் பில் போடுறது செல்லுமா? வண்டி கிளம்பும்போதே பில் வேணும்னு எங்க ஆடிட்டர் சொல்றார்.

வேலூர் அண்ணாச்சி: அப்போ பில் போட முடியலைன்னா டிசியில் அனுப்பிட்டு, இறங்கினதும் போடலாம்னு விதியில இடம் இருக்கு. "முடியலை"ங்கிறதை எந்த ஆபீசர் எப்படி எடுத்துக்குவார்ங்கிறதுல எங்க ஆளுங்களுக்குள்ளேயே சண்டை. நான் பில்லோடதான் வண்டியை அனுப்புவேன்.

ஆம்பூர் கணக்கர்: சப்ளையரிடமே கேட்டேன், லோடு ஏறும்போது பில் போடுகிற பையன் சாப்பிடப் போயிருந்தானாம்.