பார்ட்டிகளுக்கு விடைபெறும் மெயில் எழுதிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

குன்னூர் மூடுபனி

குன்னூரில் ஒரு தேயிலை வியாபாரக் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தேன். வியாழன், வெள்ளி ஏலத்தில் எடுக்கும் சரக்கைக் கலந்து, கீழே சமவெளியில் பாக்கெட் போடுகிற சின்னக் கம்பெனிகளுக்கு அனுப்புவது எங்கள் தொழில். என் கையில் மட்டும் 34 பார்ட்டி. போன வருடம் அந்த வேலையை விட்டேன். கடைசி நாள் சாயங்காலம் 34 பேருக்கும் ஒரே மெயில் போட்டேன்: இன்றுடன் விடைபெறுகிறேன், இனி இந்தத் தம்பி உங்களைப் பார்த்துக்கொள்வார், எனக்குத் தந்த ஆதரவை அவருக்கும் தாருங்கள், இது அவர் நம்பர். ஆறே வரி. எழுதி முடித்தபோது நல்ல மெயில் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் திண்டுக்கல் பார்ட்டி ஒருவர் என் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. 16-வது நாள் காலையில் அவருக்கு 'தவணை கடந்துவிட்டது, உடனே செலுத்தவும்' என்று மெயில் போயிருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் 15 நாள் கடன்தான் பதிவு. ஆனால் அவருக்கு 21 நாள், ஆறு வருடமாக வாய்வார்த்தையில் ஓடுகிறது. அவர் சரக்குப் போடுகிற கடைகள் மூன்றாவது வாரம்தான் காசு தருவார்கள், அதனால் முதலாளியிடம் கேட்டு நான்தான் அப்படி வைத்தேன். "ஆறு வருஷத்துல ஒரு செக் திரும்பியிருக்கா பாப்பா? போனவாரம் வந்த பையன் என்னைக் கடன்காரன்னு எழுதுறான்"னு கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பையன் மேல் தப்பே இல்லை, அவன் திரையில் இருந்ததைப் பார்த்து அனுப்பினான். நான்தான் அவனுக்கும் சொல்லவில்லை, அண்ணாச்சிக்கும் எழுதவில்லை.

இப்போது இருக்கிற இடத்திலிருந்தும் அடுத்த மாதம் மாறுகிறேன். இந்தத் தடவை சரியாகச் செய்ய வேண்டும். நீங்கள் எப்படி எழுதினீர்கள், எது விட்டுப்போனது, சொல்லுங்கள்.

கேத்தி வளைவு

மெயிலைச் சின்னதாக வைத்தது சரிதான் சகோதரி. தவணை, தள்ளுபடி மாதிரி விஷயமெல்லாம் பார்ட்டிக்குப் போகிற மெயிலில் வரவே கூடாது, உள்ளுக்குள் ஒரு ஃபைல் போட்டுப் புது ஆளிடம் கொடுத்துவிட்டால் போதும். எல்லாரையும் பிசிசியில் போட்டு ஒரே மெயில், அதுவும் கடைசி நாளில். முன்னாடியே சொன்னால் பார்ட்டி வேறு இடம் பார்க்கப் போய்விடுவான். நான் இரண்டு கம்பெனி மாறியிருக்கிறேன், இப்படித்தான் செய்தேன், ஒரு வம்பும் வரவில்லை.

கொடைக்கானல் பேரிக்காய்

நோட்டீஸ் பீரியட் 30 நாளா 60 நாளா என்று உங்கள் ஆஃபர் லெட்டரில் பாருங்கள். ராஜினாமா கடிதத்தில் காரணம் எழுத வேண்டிய அவசியமில்லை, 'சொந்தக் காரணங்களுக்காக' என்றால் போதும். ஒப்புதல் கையெழுத்து வாங்காமல் கிளம்பாதீர்கள்.

கோத்தகிரி லெட்ஜர்

கொடைக்கானல் தம்பி, அவர் கேட்பது முதலாளிக்குப் போகிற கடிதம் இல்லை, வாடிக்கையாளர்களுக்குப் போகிறது.

கேத்தி சொல்வதில் பாதி சரி. உள்ளே ஃபைல் கண்டிப்பாக வேண்டும். ஆனால் புது ஆளுக்குத் தெரியும் என்பது பார்ட்டிக்குத் தெரியாதே. அவர் மனதில் இருக்கும் ஒரே கேள்வி, 'இவங்ககிட்ட பேசி வச்சதெல்லாம் இனி நிக்குமா' என்பதுதான். அதற்குப் பதில் இல்லாத மெயில் எவ்வளவு பணிவாக இருந்தாலும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன், ஆள் மாறினால் எந்த மாதம் வசூல் இழுக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் பார்ட்டி பட்டியலை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போய் உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் கம்ப்யூட்டரில் இல்லாத விஷயம் என்ன இருக்கிறது என்று யோசித்து எழுதுங்கள். திண்டுக்கல்லுக்கு 21 நாள். இன்னொருவருக்கு ஏலத்துக்கு முன்னால் சாம்பிள் போக வேண்டும், வேறொருவர் ஞாயிற்றுக்கிழமை லாரியை இறக்க மாட்டார், ஒருவருக்கு இரண்டு மூட்டை குறைந்ததற்கு இன்னும் கிரெடிட் நோட் போகவில்லை. இப்படித்தான் இருக்கும். முதலாளி ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை சொல்லட்டும். இதை விட்டுவிட்டு நேராக மெயிலில் எழுதிவிடக் கூடாது. எழுத்தில் போய்விட்டால் அது கம்பெனி கொடுத்த வாக்கு, நீங்கள் போன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியது அவர்கள். கேத்தி பயப்படுவதும் இதற்குத்தான் என்று நினைக்கிறேன், அந்தப் பயத்தில் நியாயம் உண்டு.

அவர் ஆமாம் சொன்னதை மட்டும் மெயிலில் எழுதுங்கள். பிசிசியே வேண்டாம், 34 பார்ட்டி என்றால் 34 மெயில்தான். மேலே கீழே எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம், நடுவில் இரண்டு மூன்று வரி மாறும். புது ஆளை சிசியில் போட்டால் அதே வரிகளை அவரும் படிக்கிறார், அப்புறம் எனக்குத் தெரியாது என்று அவராலும் சொல்ல முடியாது. பெரிய பார்ட்டிகளுக்கு மெயில் போவதற்கு முன்னாலேயே போன் செய்துவிடுங்கள், எழுத்தைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

இன்னொரு வரி இருக்கிறது, அதை யாருமே எழுதுவதில்லை. 'எங்கள் வங்கிக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை, மாற்றம் என்று யார் எழுதினாலும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் போடாதீர்கள்.' எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் ஆள் மாறி பத்து நாளில், புது ஆள் பெயரிலேயே ஒரு பார்ட்டிக்கு மெயில் வந்தது. ஆடிட் நடப்பதால் பழைய கணக்கை நிறுத்தியிருக்கிறோம், இந்தக் கணக்கில் போடவும் என்று. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் இரண்டு தடவை இருந்தது. கணக்கு வேறு ஒருவருடைய சொந்தப் பெயரில், கிளையோ வேறு மாநிலத்தில். புது ஆள், புதுக் கணக்கு, சரி இருக்கும் என்று நினைத்து அவர் போட்டுவிட்டார். யாரோ மெயில் பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்து ஆள் மாறும் நேரத்துக்காகவே காத்திருந்திருக்கிறார்கள். அன்றைக்கே 1930-க்குக் கூப்பிட்டதால் கொஞ்சம் முடக்க முடிந்தது, முழுசும் வரவில்லை.

கொடைக்கானல் பேரிக்காய்

தப்பாகப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அக்கா சொன்ன பணம் விஷயம் எனக்கே நடந்தது. இங்கே ஒரு காட்டேஜில் மேனேஜராக இருந்தேன். மதுரை, கோயம்புத்தூர் டிராவல்ஸ்காரர்கள் அட்வான்ஸை என் ஜிபே நம்பருக்குத்தான் போடுவார்கள், நான் ஓனருக்கு மாற்றிவிடுவேன். வேலையை விட்டபோது எல்லாருக்கும் புது மேனேஜர் நம்பரை அனுப்பினேன், பணம் எங்கே போட வேண்டும் என்று எழுதவில்லை. மே மாத சீசனில் மூன்று பேர் எனக்கே அட்வான்ஸ் போட்டுவிட்டார்கள். நான் அன்றன்றைக்கே திருப்பி அனுப்பினேன். ஆனால் அந்தப் பணம் வந்து சேரவில்லை என்று புது மேனேஜர் ஒரு குடும்பத்தின் ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். குழந்தைகளோடு ஏரிப் பக்கம் ரூம் தேடி அலைந்தார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை.

மேட்டுப்பாளையம் மண்டி

நான் மெயில் வாங்குகிற பக்கம். மேலேயிருந்து கேரட், உருளைக்கிழங்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் ஆள் மாறியபோது, பழைய ஆளிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை, புது ஆள் மட்டும் தன்னை அறிமுகப்படுத்தி எழுதினார். நான் அதைப் போலி என்று நினைத்து அழித்துவிட்டேன். ஒரு வாரம் அவர் எழுத, நான் அழிக்க, கடைசியில் லாரி டிரைவர் சொல்லித்தான் நிஜம் என்று தெரிந்தது. பழைய ஆளின் குரலில் ஒரு வார்த்தை போதும் எங்களுக்கு.

கேத்தி வளைவு

வங்கிக் கணக்கு வரி நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வாரம் முன்னால் சொல்வது இன்னும் எனக்கு ஒப்பவில்லை. என் தொழிலில் போட்டிக் கம்பெனி ஒரே தெருவில் இருக்கிறான்.

கோத்தகிரி லெட்ஜர்

மூன்று வாரம் முன்னால் முதலாளியோடு உட்காரச் சொன்னேன் கேத்தி. பார்ட்டிக்கு மெயில் பத்து நாள் முன்னால் போனால் போதும். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போதே அவர்கள் ஒரு ஆர்டராவது புது ஆளிடம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும், தப்பு வந்தால் பக்கத்து மேஜையிலிருந்து நீங்கள் எழுந்து போய்ச் சரிசெய்யலாம். உங்கள் தெருவில் அது முடியாது என்றால், ஐந்து நாளாவது.

குன்னூர் மூடுபனி

அக்கா, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். இப்போதைய கம்பெனியில் எனக்கு 19 பார்ட்டி. உடுமலை பார்ட்டிக்கு எழுதிய நடுப்பகுதி இது, முதலாளி பார்த்துச் சரி என்றுவிட்டார்:

'உங்களோடு பேசி வைத்த மூன்று விஷயங்களும் அப்படியே தொடரும். பில் தேதியிலிருந்து 20 நாள் தவணை. திங்கள், செவ்வாயில் மட்டும் லோடு. மழைக்காலத்தில் பர்லியாறு பாதை அடைத்தால் லாரி கோத்தகிரி வழியாக வரும், தாமதத்தை முந்தின நாள் இரவே போனில் சொல்வோம். போன மாதம் ஈரமாக வந்த நான்கு மூட்டைக்கான கிரெடிட் நோட் இந்த வெள்ளிக்குள் என் கையாலேயே வரும், அது புதியவருக்குப் பாக்கியாகப் போகாது. எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை.'

இதற்கு மேலே, நான் 30-ஆம் தேதி வரை இருக்கிறேன், அதுவரை எங்கள் இருவரில் யாரைக் கூப்பிட்டாலும் சரி என்று இரண்டு வரி. எங்கே போகிறேன் என்று எழுதவில்லை. என் ஆபீஸ் மெயில் முகவரியை மூன்று மாதம் மூடாமல் புதியவருக்குத் திருப்பிவிடும்படி கேட்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. என் சொந்த நம்பரைக் கொடுக்கலாமா? அண்ணாச்சியிடம் அந்த நம்பர் இருந்ததால்தான் அன்று அவர் என்னைத் திட்டவாவது முடிந்தது, நான் பழைய முதலாளியிடம் பேசி 21 நாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றவைத்தேன். ஆனால் நம்பரைக் கொடுத்தால் பார்ட்டியைக் கையோடு கூட்டிப்போகிறாள் என்று இப்போதைய முதலாளி நினைப்பாரோ என்றும் இருக்கிறது.

கேத்தி வளைவு

கொடுக்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் மண்டி

கொடுங்கள் அம்மா. கொடுக்காவிட்டாலும் நாங்கள் யாரிடமாவது கேட்டு வாங்கிவிடுவோம்.

கோத்தகிரி லெட்ஜர்

இதை முதலாளியிடமே கேளுங்கள். மெயிலை அனுப்புவதற்கு முன்னால் கேளுங்கள். அப்புறம், அந்த ஈர மூட்டை கிரெடிட் நோட்டை மெயில் போவதற்கு முன்னாலேயே போட்டுவிட முடியுமா பாருங்கள், 'வெள்ளிக்குள் வரும்' என்பதை விட 'இணைத்திருக்கிறேன்' என்று இருந்தால் உடுமலைக்காரர் அந்த மெயிலை வேறு மாதிரி படிப்பார்.