மிக்ஸிக்குப் பின்னாடி ஓடுன எறும்புச் சாரை

மீனா, மாட்டுங்கா

எங்க வீட்டு எறும்புக் கதையைச் சொல்றேன். உங்க வீட்டுல நடந்ததையும் எழுதுங்க.

பழைய பில்டிங், முதல் மாடி. போன மே மாசம் சமையல் மேடையில மஞ்சளா, பொடிப்பொடியா ஒரு சாரை ஆரம்பிச்சது. மிக்ஸி பிளக் மாட்டுற சுவிட்ச் பெட்டி இடுக்குலேர்ந்து கிளம்பி, கடப்பாக் கல் ஓரமா வந்து, கீழ்த்தட்டுல இறங்கி, வெல்ல டப்பாவுக்குப் போகும். ஒண்ணு ஒண்ணும் ரெண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது.

சோப்புத் தண்ணி தொட்டு மேடையைத் துடைச்சேன். சாரை அறுந்தது. துடைச்ச இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூட்டம் கூடி, அங்கேயே தடவிட்டு நின்னுது. இருபது நிமிஷத்துல மறுபடி ஒரே கோடு. அடுத்த நாள் தட்டுல விரிச்சிருந்த நியூஸ்பேப்பரை ஒரு சாண் இடது பக்கமா இழுத்துவிட்டேன். பேப்பர் மேல இருந்ததெல்லாம் பழைய கோட்டுலயே போய், வெல்லமே இல்லாத மூலையில போய் முட்டி நின்னுது. டப்பா பக்கத்துலயே இருக்கு, அது கண்ணுல படல!

கடைசியில பூச்சி மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிட்டோம். சுவிட்ச் பெட்டிக்குள்ள நல்லா அடிச்சுட்டுப் போனார். மூணு நாள் நிம்மதி. ரெண்டு வாரத்துல பாத்ரூம்ல ஒரு சாரை, பையன் மேஜையில ஒண்ணு, சாமி அலமாரிக்குப் பின்னாடி ஒண்ணு. ஒண்ணா இருந்தது மூணாச்சு. யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

சுரேஷ், டோம்பிவிலி

சாரைன்னதும் பாம்புன்னு நினைச்சு பதறிப்போய் உள்ள வந்தேன். எறும்பா! ஊர்ல எங்க மாமரத்துல முசுறு உண்டு. இலையை மடிச்சு ஒட்டிக் கூடு கட்டும். குஞ்சுப் புழுவை வாயில கவ்விக்கிட்டு வந்து, அதோட நூலாலதான் இலையைத் தைக்கும். மரத்துல ஏறினா உயிர் போயிடும். உங்களுது கடிக்கலையே, அதுவே புண்ணியம்.

ராகவன், செம்பூர்

மீனா, எல்லாம் ராணி எறும்பு வேலை. உள்ள உட்கார்ந்து உத்தரவு போடும், மத்ததெல்லாம் சிப்பாய் மாதிரி வரிசையில போகும். ராணியைப் பிடிச்சா கதை முடிஞ்சுது. அதுவரைக்கும் மஞ்சப்பொடியால ஒரு கோடு போடு, தாண்டாது. முப்பது வருஷமா எங்காத்துல அதுதான். அப்புறம் இன்னொண்ணு: வெள்ளையா முட்டை தூக்கிண்டு மேல ஏறித்துன்னா மழை நிச்சயம். ஜூன் முதல் வாரம் கவனிச்சுப் பாரு.

லலிதா, சயான்

காலேஜுல விலங்கியல் எடுத்து ரிடையர் ஆனவள் நான். மீனா பேப்பரை இழுத்துப் பார்த்தாளே, அது ரொம்ப நல்ல சோதனை. அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

நீ சொல்ற மஞ்சள் பொடி எறும்பு அநேகமா மோனோமோரியம் ஃபாரோனிஸ், ஃபாரோ எறும்பும்பா. இது வயித்து நுனியைத் தரையில இழுத்துண்டே போகும், அங்கேதான் வாசனை விழறது. தீனி கிடைச்ச எறும்பு வீட்டுக்குத் திரும்பறச்சே கோடு போடும். அதை மோந்துண்டு அடுத்தது வரும், அதுக்கும் தீனி கிடைச்சா அதுவும் மேல பூசும். வெல்லம் தீர்ந்துபோச்சுன்னா வெறுங்கையோட திரும்பறது அவ்வளவாப் பூசாது, கோடு தானா மங்கிடும். யாரும் "நிறுத்து"ன்னு சொல்ல வேண்டாம். அதனால ராகவன் சார், ராணி உத்தரவுங்கறது கதை. அவ வேலை முட்டை போடறது. வெல்லம் எந்த டப்பாவுல இருக்குன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது.

பேப்பர் விஷயம்: இந்த இனத்தோட வாசனை பிளாஸ்டிக்ல பாதியாக் குறைய சுமார் 9 நிமிஷம் ஆகும், செய்தித்தாள்ல 3 நிமிஷம். காகிதம் உறிஞ்சிடறது. இழுத்தவுடனே பழைய கோடு இருந்ததால மூலைக்குப் போய் ஏமாந்துது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்திருந்தா அந்தக் கோடு செத்திருக்கும்.

மீனா, மாட்டுங்கா

ஆமாம் மாமி! பத்து நிமிஷத்துக்குள்ள அந்த மூலைக்குப் போறது நின்னுபோச்சு. ஆனா ஒரு சந்தேகம். எதிர்த்தாப்புல வர்ற எறும்பு வீடு எந்தப் பக்கம்னு எப்படிக் கண்டுபிடிக்கும்? கோடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே நாறும்?

லலிதா, சயான்

கோட்டுல அம்புக்குறி கிடையாது. ஆனா கிளை பிரியற இடத்துல கோணம் இருக்கு. புத்துலேர்ந்து வெளியே போற வழி கவட்டை மாதிரி சுமார் 50, 60 டிகிரியில ரெண்டாப் பிரியும். தீனியோட வீடு திரும்பற எறும்பு அந்தக் கவட்டைக்கு வந்தா, கொஞ்சமாத் திரும்பினாப் போறும், வீட்டு வழி. திசை தப்பின எறும்பு அங்கே வந்ததும் சரியாத் திரும்பிக்கறதை 2004-ல ஆராய்ச்சிக்காரா இந்த இனத்துலயே சோதிச்சுக் காட்டினா. நீ மேடையில பென்சிலால வழியை வரைஞ்சு பாரேன்.

அடுத்த வருஷமே இன்னொண்ணும் சொன்னா. பிரயோஜனம் இல்லாத கிளை ஆரம்பிக்கற இடத்துல "இந்தப் பக்கம் வராதே"ன்னு ஒரு தடை வாசனையும் பூசுமாம். அங்கே வந்த எறும்பு வளைஞ்சு நெளிஞ்சு தடுமாறித் திரும்பிடும்.

செல்வம், தாராவி

அக்கா, நமக்கு கடலைமிட்டாய் தொழில். பாகு காய்ச்சுற வீட்டுல எறும்பு இல்லாம இருக்குமா? மேஜைக் கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல விட்டிருக்கோம். ஆனா ஒரு நா பக்கத்துச் சுவத்துல தட்டி சாய்ஞ்சு கிடந்தது, அது வழியா ஏறிட்டு. தட்டியை எடுத்தாச்சு. எடுத்த பொறவும் மேஜையில மாட்டிக்கிட்ட கூட்டம் அரை மணி நேரம் அந்த மூலையிலேயே நிக்குது!

ஒண்ணு கேக்கேன். மருந்து அடிச்சா சாகுறது எல்லாம் எது? பூராவுமா?

லலிதா, சயான்

இதுதான் முக்கியமான கேள்வி செல்வம். வெளியே நீ பார்க்கறது கூட்டத்துல ஒரு சின்னப் பங்கு, அதுவும் பெரும்பாலும் வயசான வேலைக்காரிகள். புதுசாப் பொரிஞ்சது வெளிறிப் போயிருக்கும், அது உள்ளேயே இருந்து முட்டையையும் புழுவையும் பார்த்துக்கும். வயசாக ஆக வாசல் பக்கம் நகர்ந்து, கடைசியில தீனி தேடக் கிளம்பும். ஆபத்தான வேலை கிழவிகளுக்கு. நியாயம்தான், எப்படியும் கொஞ்ச நாள்ல போகப் போறவா.

அதனால ஸ்ப்ரே அடிச்சா சாகறது கிழவிகள். உள்ள இருக்கறதுல கொஞ்சம் வெளி வேலைக்கு வந்துடும், ராணி முட்டை போட்டுண்டே இருப்பா. இந்த இனத்துல ராணி ஒருத்தி இல்லை, ஒரே கூட்டுல பல பேர். கூட்டுல தொந்தரவு வந்தா, கொஞ்சம் ராணி, கொஞ்சம் வேலைக்காரி, கொஞ்சம் புழுன்னு மூட்டை கட்டிண்டு வேற இடுக்குல தனிக்குடித்தனம் போயிடும். மீனா ஒண்ணை மூணாக்கினது அப்படித்தான் இருக்கணும். சத்தியம் பண்ண மாட்டேன், ஏற்கெனவே மூணு கூடு இருந்து அவ கண்ணுல படாமலும் இருந்திருக்கலாம்.

ராகவன் சார் மழைக்குன்னு சொன்ன முட்டையும் பல சமயம் இந்தக் குடிமாற்றம்தான். தூக்கிண்டு போறதுல பாதி முட்டையே இல்லை, புழுவும் கூட்டுப்புழுவும்.

ராகவன், செம்பூர்

சரிம்மா, மழை வர்றச்சே புத்துல தண்ணி ஏறும், அது குடி மாறும், அப்போ நான் சொன்னதும் தப்பில்லையே! மஞ்சப்பொடி விஷயத்தை யாரும் தொடலையே?

மீனா, மாட்டுங்கா

தொடறேன் சார். போட்டேன். முதல் அஞ்சு நிமிஷம் கோட்டுக்கு முன்னாடி நின்னு யோசிச்சுது. அப்புறம் கோடு எங்க முடியறதோ அங்க சுத்திண்டு போயிடுத்து. மாமியார் இன்னும் நீளமாப் போடச் சொன்னா. மேடை பூரா மஞ்சக் காப்பு.

பையனும் ஒண்ணு பண்ணினான். சர்க்கரைத் தட்டுக்குப் பாலமா நீளமான அட்டையை வளைச்சு வச்சான். எறும்பு பழகினப்புறம் பக்கத்துலயே சின்ன ஸ்கேலையும் நேரா வச்சான். குறுக்கு வழியில போகும்னு எதிர்பார்த்தான். ஒண்ணு ரெண்டுதான் போச்சு, மத்ததெல்லாம் சுத்து வழியிலேயே. "எறும்புக்குப் புத்தி இல்லை"ன்னு எழுதி வச்சிருக்கான்.

லலிதா, சயான்

அந்தக் குறிப்பை அடிக்கச் சொல்லாதே, பக்கத்துல இன்னொரு வரி எழுதச் சொல்லு. இதையே 1989-ல பிரஸ்ஸல்ஸ்ல அர்ஜென்டினா எறும்பை வச்சுப் பண்ணினா. ஒரு பாலம் இன்னொண்ணு மாதிரி ரெண்டு மடங்கு நீளம். ரெண்டையும் ஒரே சமயத்துல வச்சா, கூட்டம் குட்டைப் பாலத்துக்கு மாறிடும். காரணம் லேசானது. குட்டைப் பாலத்துல போனது சீக்கிரம் திரும்பி வரும், அதனால அங்கே வாசனை முதல்ல அடர்த்தியாகும், அடுத்து வர்றது அதைத்தான் பிடிக்கும். எந்த எறும்பும் நீளத்தை அளக்கறதில்லை.

ஆனா நீளப் பாலத்தை மட்டும் முதல்ல வச்சு, அரை மணி கழிச்சுக் குட்டையை வச்சா? கூட்டம் நீளத்துலேயே மாட்டிண்டுது. ஏற்கெனவே பூசினது அவ்வளவு கெட்டி. உன் பையன் பண்ணினது இந்த ரெண்டாவது. உங்க எறும்பு வேற இனம், காரணமும் இதேதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். புது அட்டை, புது ஸ்கேல், ரெண்டையும் ஒண்ணா வைக்கச் சொல்லு.

செல்வம், தாராவி

அதெல்லாம் சரி, இப்ப இதைப் போக்க என்ன வழி? மிட்டாய் பக்கத்துல ஸ்ப்ரே அடிக்க முடியாது.

மீனா, மாட்டுங்கா

நான் பண்ணினதைச் சொல்றேன் தம்பி. மாமி தனியா போன்ல சொன்னது. கேரம் போர்டுக்குப் போடற போரிக் பவுடர் வாங்கினேன். பாக்கெட்ல போரிக்னு எழுதியிருக்கணும், சிலது வெறும் மாவு. முதல் தடவை அவசரத்துல அரை டம்ளர் சர்க்கரைத் தண்ணியில ஒரு முழு ஸ்பூன் போட்டுட்டேன். பாதி எறும்பு மோந்துட்டுப் போயிடுத்து, குடிச்சது பக்கத்துலேயே செத்துக் கிடந்தது. கூட்டுக்குள்ள போகலைன்னா என்ன பிரயோஜனம்?

ரெண்டாவது தடவை 100 மில்லி தண்ணி, ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் பவுடர், அதாவது சுமார் ஒரு கிராம். பஞ்சுல நனைச்சு மூடியில வச்சு, சாரை ஓடற வழியிலேயே வச்சேன். முதல் நாள் திருவிழாக் கூட்டம். மாமியாருக்குக் கோபம், "எறும்புக்கு விருந்து வைக்கறயா?"ன்னு. வெல்ல டப்பாவை ஃப்ரிட்ஜுக்கு மாத்தினேன். பஞ்சை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்தினேன். சாரையை மட்டும் துடைக்கவே இல்லை. துடைச்சா கூட்டுக்கு மருந்து போற வழியை நாமே அறுத்த மாதிரி.

மூணு வாரம் ஆச்சு. பாத்ரூமும் சமையல் மேடையும் சுத்தம். சாமி அலமாரிப் பக்கம் மட்டும் இன்னும் இருக்கு, சர்க்கரையைத் தொட மாட்டேங்கறது.

லலிதா, சயான்

அங்கே புழு நிறைய இருக்கலாம். கட்டியான தீனி வளர்ந்த எறும்புக்குத் தொண்டையில இறங்காது. புழுவுக்குத்தான் ஊட்டும், அது கரைச்சுத் திருப்பிக் கொடுக்கறதைத்தான் மத்தது குடிக்கும். அப்போ கூட்டம் புரதத்துக்கு அலையும். வேகவச்ச முட்டை மஞ்சக்கருவுல அதே விகிதத்துல பவுடரைக் கலந்து துளி வச்சுப் பாரு. பையன் கையும் பூனையும் எட்டாத இடத்துல வை.

மீனா, மாட்டுங்கா

சாமி அலமாரிக்குப் பின்னாடி முட்டையா? மாமி, மாமியார் என்னைக் கொன்னுடுவா. வேற புரதம் ஏதாவது சொல்லுங்கோ.

செல்வம், தாராவி

கடலைப் பொடி ஆகுமா? அது நம்மகிட்ட மூட்டைக் கணக்குல இருக்கு.

லலிதா, சயான்

அரைச்ச கடலையில எண்ணெய் இருக்கு, வரக்கூடும். நான் வச்சுப் பார்த்ததில்லை. ரெண்டையும் தனித்தனி மூடியில, பவுடர் கலக்காம முதல் நாள் வச்சுப் பாரு மீனா. எதுல கூட்டம் கூடறதோ அதுல அடுத்த நாள் கலந்துக்கலாம்.

மீனா, மாட்டுங்கா

கடலைப் பொடி வச்சாச்சு, காலை எட்டு மணி. இப்போ ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. மூடியைச் சுத்திச் சுத்தி வர்றது.